கோடு தரையைத் தொடும் இடம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில், ஆயத்தொலை வடிவியல் பாடத்தில் இருக்கிறது. இரண்டு புள்ளிகள் கொடுக்கப்பட்டால், அவற்றின் வழியே செல்லும் நேர்கோட்டின் சமன்பாடு என்ன? அந்தக் கோடு x அச்சை எங்கே வெட்டும்? y அச்சை எங்கே வெட்டும்? பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு வரும் கேள்வி. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் இதைப் போட்டு மதிப்பெண் வாங்கியவர்கள். மீதிப் பேர் இனிமேல் வாங்கப் போகிறவர்கள்.

ஆனால் நான் இன்று ஒரே ஒரு கோட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஒரே கோடு, இரண்டே புள்ளிகள். அந்தக் கோடு x அச்சைத் தொடும் இடத்தை நான் தரை என்று சொல்லப் போகிறேன். சுவரில் சாய்த்து வைத்த ஏணி எங்கே தரையைத் தொடுகிறது என்று பார்ப்போமே, அதைப் போல. இந்தக் கோடு தரையைத் தொடும் இடத்துக்கு இன்றுவரை எந்த மனிதனும் போனதில்லை, எந்தக் கருவியும் போனதில்லை. ஆனாலும் அந்த இடம் எது என்று நமக்குத் தெரியும். எப்படித் தெரியும்? ஐந்து மதிப்பெண் கணக்கைப் போட்டுத்தான் தெரியும்.

1802ஆம் ஆண்டுக்குப் போவோம், பாரிஸ் நகரத்துக்கு. ஜோசப் லூயி கே-லுசாக் என்ற இளைஞர். வயது இருபத்து மூன்று. அவர் கையில் எடுத்த கேள்வி இது: காற்றைச் சூடாக்கினால் விரிகிறதே, எவ்வளவு விரிகிறது? அவருக்கு முன்னால் பலர் அளந்திருந்தார்கள். ஒருவர் விடை இன்னொருவர் விடையோடு ஒட்டவில்லை. காரணம் என்ன என்று கே-லுசாக் கண்டு சொன்னார்: குடுவைக்குள் ஒட்டியிருந்த ஈரம். சூடாக்கும்போது அந்த ஈரம் ஆவியாகிக் காற்றோடு சேர்ந்துகொள்கிறது. காற்று விரிந்ததாக நாம் கணக்கில் எழுதுவதில் ஒரு பங்கு நீராவியினுடையது. அதனால் அவர் காற்றையும் குடுவையையும் உலர்த்தி, அழுத்தம் மாறாமல் பார்த்துக்கொண்டு, இரண்டே இடங்களில் அளந்தார். ஒன்று, பனிக்கட்டி உருகும் நிலை. மற்றொன்று, தண்ணீர் கொதிக்கும் நிலை. பனிக்கட்டியின் குளிரில் 100 பங்கு இருக்கும் காற்று, கொதிநீரின் சூட்டில் 137.5 பங்கு ஆகிறது. இதுதான் அவர் கண்ட விடை.

இப்போது இதைக் கணக்கின் மொழியில் எழுதுவோம். வெப்பநிலையை x என்போம், செல்சியஸ் பாகையில். காற்றின் கன அளவை y என்போம். நம் கையில் இருப்பவை இரண்டு புள்ளிகள்:

P(0, 100), Q(100, 137.5)

இந்த இரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஒரு நேர்கோடு வரைகிறோம். அதன் சமன்பாடு என்ன?

பிள்ளைகளே, சூத்திரத்தை ஒரு நிமிடம் மறந்துவிடுங்கள். நேர்கோடு என்றால் என்ன? எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் ஒரே ஏற்றம் உள்ள பாதை. மலைப்பாதைபோல ஓரிடத்தில் செங்குத்தாகவும் ஓரிடத்தில் மெதுவாகவும் ஏறினால் அது நேர்கோடு அல்ல. அந்த ஏற்றத்துக்குத்தான் சாய்வு என்று பெயர். எவ்வளவு தூரம் வலப்பக்கம் போனோம், அதற்குள் எவ்வளவு உயரம் ஏறினோம்? P என்ற புள்ளியிலிருந்து Q என்ற புள்ளிக்கு 100 பாகை வலப்பக்கம் போகிறோம். 37.5 பங்கு மேலே ஏறுகிறோம்.

m = (137.5 − 100)/(100 − 0) = 0.375

ஒரு பாகை சூடு கூடினால் காற்று 0.375 பங்கு விரிகிறது. சாய்வு என்பது இங்கே வெறும் எண் அல்ல, காற்றின் சுபாவம்.

அடுத்த படி. இந்தக் கோட்டின் மேல் எங்கோ இருக்கும் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அது எது என்று தெரியாது. அதனால் (x, y) என்று வைப்போம். P என்ற புள்ளியிலிருந்து அந்தத் தெரியாத புள்ளிக்குப் போனாலும் ஏற்றம் அதே 0.375 ஆகத்தானே இருக்க வேண்டும்? அதை அப்படியே எழுதுங்கள்.

(y − 100)/(x − 0) = 0.375

அதாவது,

y = 0.375x + 100

முடிந்தது. இதுதான் சமன்பாடு. புத்தகத்தில் இரு புள்ளி வடிவம் என்று ஒரு நீளமான சூத்திரம் இருக்கிறதே, (y − y1)/(y2 − y1) = (x − x1)/(x2 − x1) என்று, அதில் இருப்பதும் இதே ஒரு வாக்கியம்தான்: எங்கிருந்து பார்த்தாலும் ஏற்றம் ஒன்றே.

“ஐயா, P என்ற புள்ளியிலிருந்து தொடங்கினீர்களே, Q என்ற புள்ளியிலிருந்து தொடங்கினால் வேறு சமன்பாடு வருமா?” என்று வகுப்புக்கு வகுப்பு யாராவது ஒரு பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. போட்டுப் பார்த்துவிடுவோம். y − 137.5 = 0.375(x − 100). வலப்பக்கத்தை விரித்தால் 0.375x − 37.5. அதோடு 137.5 கூட்டினால் மறுபடியும் 0.375x + 100. அதே கோடு. எந்த வாசல் வழியாக நுழைந்தாலும் வீடு ஒன்றுதான்.

இந்த இடத்தில் பிள்ளைகள் செய்யும் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். முப்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் நான். இந்தக் கணக்கில் நான் அதிகம் பார்த்த பிழை, கழிக்கும் வரிசையை மாற்றிவிடுவது. மேலே முதல் புள்ளியிலிருந்து இரண்டாம் புள்ளியைக் கழிப்பார்கள். கீழே இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழிப்பார்கள். (100 − 137.5)/(100 − 0) என்று எழுதினால் என்ன ஆகும்? சாய்வு −0.375 ஆகிவிடும். சமன்பாடு y = −0.375x + 100. பார்ப்பதற்கு ஒரு குறையும் தெரியாது. P என்ற புள்ளியைப் போட்டுப் பார்த்தால்கூடச் சரியாக வரும். ஆனால் Q? x என்ற இடத்தில் 100 போடுங்கள். 137.5 வர வேண்டிய இடத்தில் 62.5 வருகிறது! சூடாக்கினால் சுருங்கும் காற்று! அப்படி ஒரு காற்று உண்டா?

ஆகவே, கண்ணுகளா, சமன்பாடு கண்டதும் பேனாவை மூடாதீர்கள். இரண்டு புள்ளிகளையும் அதில் போட்டுப் பாருங்கள். ஒரு புள்ளி போதாது, இரண்டும் போட வேண்டும். எந்தப் புள்ளியிலிருந்து சமன்பாட்டைத் தொடங்கினீர்களோ அது எப்போதும் பொருந்திவிடும். பிழையைக் காட்டிக்கொடுப்பது மற்றப் புள்ளிதான்.

சாய்வு காணும்போது கீழே சுழி வந்தால் என்ன செய்வது? அதற்கும் இந்தக் குடுவைக்குள்ளேயே உதாரணம் இருக்கிறது. தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. அடுப்பு எரிகிறது, நீராவி பெருகுகிறது, கன அளவு ஏறிக்கொண்டே போகிறது. வெப்பநிலையோ 100 பாகையை விட்டு நகரவில்லை. இரண்டு புள்ளிகளுக்கும் x ஒன்றே. கோடு செங்குத்தாக நிற்கிறது. சாய்வு என்று ஒன்று அதற்குக் கிடையாது. சமன்பாடு x = 100, அவ்வளவுதான். அது y அச்சைத் தொடவே தொடாது. மாறாக, கனத்த இரும்புக் கலத்தில் வாயுவை அடைத்துவிட்டுச் சூடாக்குங்கள். கலம் விரியாது என்று வைத்துக்கொண்டால் கன அளவு மாற இடமில்லை. கோடு படுத்துவிடுகிறது. y = 100. அது x அச்சைத் தொடாது. இந்த இரண்டு கோடுகளையும் தனியாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நம் கோட்டுக்கு வருவோம். y = 0.375x + 100. இது அச்சுகளை எங்கே வெட்டுகிறது?

எதைச் சுழியாக்க வேண்டும் என்பதில் பாதி வகுப்பு தடுமாறும். x அச்சை வெட்டும் இடம் என்றதும் x என்ற எழுத்தையே சுழியாக்கிவிடுவார்கள். அச்சின் பெயரைப் பார்க்காதீர்கள். அச்சின் மேல் ஏறி நின்று பாருங்கள். x அச்சு தரை. தரையில் நிற்பவனுக்கு உயரம் ஏது? உயரம் என்பது y. ஆகவே தரையைத் தொடும் இடத்தில் y சுழி. y அச்சு நடுவில் நிற்கும் கம்பம். கம்பத்தோடு ஒட்டி நிற்பவன் இடமோ வலமோ நகரவில்லை. ஆகவே அங்கே x சுழி.

முதலில் கம்பம். x = 0 என்று போட்டால் y = 100. y வெட்டுத்துண்டு 100. இது நமக்கு முன்பே தெரியும். பனிக்கட்டியின் குளிரில் நாம் எடுத்துக்கொண்ட காற்றின் அளவு.

இப்போது தரை. y = 0 என்று போடுங்கள்.

0 = 0.375x + 100
x = −100/0.375 = −266.67

x வெட்டுத்துண்டு −266.67, இரண்டு தசம இடத்துக்குத் திருத்தமாக.

இந்த எண்ணைச் சற்று நின்று பாருங்கள். பரீட்சையில் இது கடைசி வரி. கீழே கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். ஆனால் இந்த எண் என்ன சொல்கிறது? காற்றைக் குளிரவைத்துக்கொண்டே போனால், பாகைக்குப் பாகை 0.375 பங்கு சுருங்கிக்கொண்டே போனால், ஏறத்தாழ −267 பாகையில் அதன் கன அளவு சுழியாகிவிடும். அதற்குக் கீழே? கன அளவு சுழிக்குக் கீழே போக முடியுமா? எதிர்மறைக் கன அளவு என்று ஒன்று உண்டா? இல்லை. அப்படியானால் குளிருக்கு ஓர் அடித்தளம் இருக்கிறது. மேலே சூட்டுக்கு எல்லை தெரியவில்லை. கீழே குளிருக்கு எல்லை இருக்கிறது. அந்த எல்லை, கோடு தரையைத் தொடும் இடம்.

ஒரு முறை இந்தக் கோட்டை வகுப்பில் வரையச் சொன்னேன். கிடையாக 10 பாகைக்கு ஒரு சென்டிமீட்டர், மேலே 10 பங்குக்கு ஒரு சென்டிமீட்டர். வரைபடத்தாளில் கட்டம் போட்ட பகுதி 18 சென்டிமீட்டர் அகலம். எல்லோரும் வழக்கப்படி நடுவில் y அச்சைப் போட்டார்கள். இடப்பக்கம் கிடைத்தது 9 சென்டிமீட்டர். கோடு −90 பாகையில் தாளின் விளிம்பில் போய் நின்றுவிட்டது. தரை இன்னும் எவ்வளவோ கீழே இருக்கிறது. மற்றவர்கள் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்து வந்து இன்னொரு தாள் கேட்டாள். வெள்ளை விளிம்பைக் கத்தரித்து, கட்டத்தோடு கட்டம் பிசகாமல், இடப்பக்கம் பசை போட்டு ஒட்டினாள். இப்போது இடப்பக்கம் 27 சென்டிமீட்டர். இரண்டு அடிக்கோல்களைச் சேர்த்துப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோட்டை இழுத்துக்கொண்டே போனாள். தாளின் கடைசி விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் முன்னால் கோடு தரையைத் தொட்டது. 26.7 சென்டிமீட்டர். மயிரிழையில் தப்பித்த மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள்.

அப்போது அவளிடம் சொன்னேன்: “அம்மா, கே-லுசாக்குக்குப் பின்னால் வந்தவர்கள் இதே சோதனையை இன்னும் கவனமாகச் செய்தார்கள். அவர்களுக்கு 137.5 வரவில்லை. 136.6 வந்தது. Q என்ற புள்ளியை மாற்றி வை.” அவள் புள்ளியை இறக்கினாள். எவ்வளவு இறக்கினாள்? ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, 0.9 மில்லிமீட்டர். மறுபடி கோட்டை இழுத்தாள். இந்தத் தடவை கோடு தரையைத் தொடவில்லை! தாளின் விளிம்பைத் தாண்டி மேசை மேல் போய்விட்டது. மூன்றாவது தாள் ஒட்டிப் பார்த்தால், முந்தைய விளிம்புக்கு அப்பால் மூன்று மில்லிமீட்டரில் தரை.

கணக்காகப் போட்டால் இப்படி: சாய்வு 0.366. சமன்பாடு y = 0.366x + 100. தரையைத் தொடும் இடம் −100/0.366 = −273.2. வலக்கோடியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நகர்வு, இடக்கோடியில் ஆறரை மில்லிமீட்டர் நகர்வாகிவிட்டது. ஏன் இப்படி?

ஏனென்றால் P என்ற புள்ளியிலிருந்து Q 10 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. தரையோ மறுபக்கம் ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் தூரத்தில். நெம்புகோலின் குட்டைக் கையை ஒரு மில்லிமீட்டர் அசைத்தால் நீளக் கை இரண்டே முக்கால் மில்லிமீட்டர் அசையும் அல்லவா? அதுபோல. அதோடு நம் கோடு மெதுவாகச் சரிகிற கோடு. அந்த இரண்டே முக்கால் மில்லிமீட்டர் உயரத்தை அது இறங்கி முடிக்க ஏழு மில்லிமீட்டர் தூரம் போக வேண்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து பிழையை ஏழு மடங்காக்கிவிட்டன. பென்சில் முனை மழுங்கியிருந்து Q அரை மில்லிமீட்டர் பிசகினாலே தரை மூன்று, நான்கு பாகை நகர்ந்துவிடும்.

புள்ளிகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் கதி இன்னும் மோசம். 0 பாகையிலும் 10 பாகையிலும் மட்டும் அளந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 100, 103.66. இதில் இரண்டாவது அளவு 0.1 பங்கு கூடுதலாகப் போனால் தரை −266 என்று வரும்; 0.1 பங்கு குறைவாகப் போனால் −281 என்று வரும். 0 பாகைக்கும் 100 பாகைக்கும் இடையில் அதே 0.1 பங்கு பிழை செய்தால் முக்கால் பாகைகூட நகராது. சமன்பாடு காண எந்த இரண்டு புள்ளிகளும் போதும் என்று புத்தகம் சொல்கிறது. அது புத்தகத்துப் புள்ளிக்கு உண்மை. அளந்து எடுத்த புள்ளிக்கு, தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு புள்ளிகள் இருந்தால் ஒரு கோடு வரையலாம். எந்த இரண்டு புள்ளிகள் இருந்தாலும் வரையலாம்! பிள்ளையின் உயரத்தை ஐந்து வயதிலும் பத்து வயதிலும் அளந்து கோடு போட்டால், நாற்பது வயதில் அவன் ஏறத்தாழப் பத்தடி உயரம் இருப்பான். இரண்டு புள்ளிகள் ஒருபோதும் மறுத்துப் பேசாது. மறுத்துப் பேசுவது மூன்றாவது புள்ளி. கே-லுசாக் அந்த விரிவை இரண்டு முனைகளில்தான் அளந்தார். இடையில் 50 பாகையில் காற்று 118.3 பங்கு இருக்கிறதா? இருந்தால் கோடு நேர்கோடு. இல்லாவிட்டால் நாம் வரைந்தது வளைகோட்டின் மேல் வைத்த அடிக்கோல் மட்டுமே. பின்னால் வந்தவர்கள் இடையிலும் அளந்து பார்த்தார்கள். காற்று ஏறத்தாழ நேர்கோட்டிலேயே நின்றது.

சரி, இந்த −273 பற்றி இவ்வளவு ஆரவாரம் எதற்கு? நேர்கோடு என்றால் எங்காவது தரையைத் தொடத்தானே செய்யும்?

இன்னொரு கோட்டைப் பாருங்கள். காய்ச்சல் பார்க்கிறோம். வீட்டில் பாட்டி 100 டிகிரி என்கிறாள், மருத்துவமனையில் 37.8 என்கிறார்கள். பாரன்ஹீட், செல்சியஸ். பனிக்கட்டி உருகுவது செல்சியஸில் 0, பாரன்ஹீட்டில் 32. தண்ணீர் கொதிப்பது 100, 212. இரண்டு புள்ளிகள் (0, 32), (100, 212). சாய்வு 180/100, அதாவது 1.8. சமன்பாடு y = 1.8x + 32. இந்தக் கோடு தரையைத் தொடும் இடம் −32/1.8 = −17.8. அந்த −17.8 பாகையில் ஏதாவது நடக்கிறதா? ஒன்றும் நடக்கவில்லை. பாரன்ஹீட் என்ற மனிதர் தன் சுழியை அங்கே வைத்தார், அவ்வளவுதான். வேறு இடத்தில் வைத்திருந்தால் தரை தொடும் இடமும் வேறு.

காற்றின் கோடு அப்படியா? சோதித்துப் பார்ப்போம். 100 பங்குக்குப் பதில் 50 பங்கு காற்றை எடுங்கள். கொதிநீரில் அது 68.3 ஆகும். சாய்வு 0.183, y வெட்டுத்துண்டு 50. இரண்டும் பாதியாகிவிட்டன. தரை? −50/0.183. அதே −273.2! 200 பங்கு எடுங்கள். சாய்வு 0.732, தரை −200/0.732. மறுபடியும் அதே −273.2! கம்பத்தை வெட்டும் இடம் மாறுகிறது; அது நாம் எவ்வளவு காற்று எடுத்தோம் என்பதைப் பொறுத்தது. சாய்வும் மாறுகிறது. தரை மாறுவதில்லை. காற்றை விட்டுவிட்டு ஆக்சிஜனை எடுங்கள், நைட்ரஜனை எடுங்கள், ஹைட்ரஜனை எடுங்கள். இவையெல்லாம் ஒரே அளவாக விரிகின்றன என்பதைக் கே-லுசாக்கே அந்த 1802ஆம் ஆண்டுக் கட்டுரையில் காட்டிவிட்டார். ஒரு விசிறியைப் பிரித்துப் பிடித்தால் மடல்கள் எல்லாம் கைப்பிடியில் ஒன்றுசேர்வதுபோல, எல்லா வாயுக்களின் கோடுகளும் இடக்கோடியில் ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன. எந்த மனிதனும் தேர்ந்தெடுக்காத புள்ளி அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கோடு தரையைத் தொடுகிறது என்றேன். காற்று தொடுகிறது என்று சொல்லவில்லை. காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் −190 பாகையைத் தாண்டியதும் அது திரவமாகிவிடும். ஆக்சிஜன் −183 பாகையில் திரவமாகிறது, நைட்ரஜன் −196 பாகையில். திரவமானபின் நம் சமன்பாடு அதற்குச் செல்லாது. அந்த மாணவியின் தாளில் பார்த்தால், தரைக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் முன்பே காற்றின் கதை முடிந்துவிடுகிறது. அங்கிருந்து தரைவரை புள்ளிக்கோடாகத்தான் போட வேண்டும். மிகத் தொலைவு வாயுவாகவே வருவது ஹீலியம். 1908ஆம் ஆண்டு நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹைக் கமர்லிங் ஓனஸ் முதன்முதலாக அதைத் திரவமாக்கினார், −269 பாகையில். அவள் தாளில் தரைக்கு நான்கு மில்லிமீட்டர் தூரம். அங்கே ஹீலியமும் நின்றுவிடுகிறது. கடைசித் துண்டை நடந்து கடக்கும் வாயு எதுவும் இல்லை. ஆகவே −273 பாகையில் காற்று மாயமாக மறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோடு அந்த இடத்தைச் சுட்டிக்காட்டுகிறது. காற்று அங்கே போவதில்லை.

1848ஆம் ஆண்டில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வில்லியம் தாம்சன் ஒரு கட்டுரை எழுதினார். வயது இருபத்து மூன்று. பின்னாளில் கெல்வின் பிரபு என்று நாம் அறியும் மனிதர் அவர்தான். முடிவற்ற குளிர் என்று நாம் நினைப்பது, காற்று வெப்பமானியில் சுழிக்குக் கீழே எண்ணிச் சொல்லக்கூடிய ஓரிடத்தில் வந்துவிடுகிறது என்று அந்தக் கட்டுரையில் காட்டினார். காற்றின் விரிவு எண்ணை அவர் .366 என்று எடுத்துக்கொண்டார். 100 என்பதை .366 ஆல் வகுத்தார். −273 என்று எழுதினார். நாம் சற்று முன் போட்ட அதே வகுத்தல்!

இன்று அந்த எண் −273.15. தனிச்சுழி வெப்பநிலை என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அங்கே சுழியை வைத்துக்கொண்ட அளவுமுறைக்குக் கெல்வின் பெயர். வரைபடத்தில் பார்த்தால் என்ன நடந்திருக்கிறது? நடுவில் நின்ற கம்பத்தைப் பிடுங்கி, இடக்கோடிக்குத் தூக்கிப்போய், கோடு தரையைத் தொடும் இடத்திலேயே நட்டுவிட்டார்கள். பனிக்கட்டி உருகும் நிலை இப்போது 0 அல்ல, 273.15. புதிய வெப்பநிலையை T என்போம். கோட்டின் சமன்பாடு என்ன ஆகிறது?

y = 0.366T

100 என்ற கூட்டலைக் காணோம்! கோடு ஆதிப்புள்ளி வழியே போகிறது. வெப்பநிலை இரண்டு மடங்கானால் கன அளவும் இரண்டு மடங்கு. செல்சியஸில் 20 பாகையிலிருந்து 40 பாகைக்குப் போனால் சூடு இரட்டித்தது என்று சொல்ல முடியாது. கெல்வினில் அது 293 அளவிலிருந்து 313 அளவுக்குத்தான் போகிறது. இரட்டிப்பு என்ற சொல்லுக்கு இந்தக் கோட்டில்தான் பொருள் கிடைக்கிறது.

மாணவர்களே, வெட்டுத்துண்டு வடிவம் என்று ஒன்று படித்திருப்பீர்கள். x/a + y/b = 1. பழைய கம்பம் நின்றபோது இந்தக் கோட்டை அப்படி எழுதலாம்: a என்பது −273.2, b என்பது 100. இப்போது? a சுழி, b சுழி. சுழியால் வகுக்க முடியாது. ஆதிப்புள்ளி வழியே போகும் கோட்டுக்கு அந்த வடிவம் கிடையாது. பரீட்சையில் கேட்டால் இல்லை என்று எழுதுங்கள். ஏன் இல்லை என்றும் எழுதுங்கள்.

முடிப்பதற்கு முன் இன்னொரு செய்தி. ஒரு கோட்டுக்கு எத்தனை புள்ளிகள் வேண்டும்? இரண்டு. பழைய வெப்பமானிகளுக்கும் இரண்டு புள்ளிகள்தான்: பனிக்கட்டி ஒன்று, கொதிநீர் ஒன்று. கொதிநீர் தொல்லை பிடித்த புள்ளி. ஊட்டியில் கொதிக்கும் வெப்பநிலை வேறு, சென்னையில் வேறு. காற்றழுத்தம் மாறினால் அது நகர்ந்துவிடும். 1954ஆம் ஆண்டு எடைகள் மற்றும் அளவைகளுக்கான பன்னாட்டுப் பொது மாநாடு கூடியது. கொதிநீரைக் கைவிட்டார்கள். நீரின் மும்மைப் புள்ளியை, அதாவது பனிக்கட்டியும் தண்ணீரும் நீராவியும் ஒன்றாகச் சேர்ந்து இருக்கும் அந்த ஒரே நிலையை எடுத்து, அதன் வெப்பநிலை 273.16 கெல்வின் என்று விதித்தார்கள். 2019ஆம் ஆண்டு வரை அதுவே விதி.

ஒரே ஒரு புள்ளிதான் விதித்தார்கள். கோடு வரைய இன்னொரு புள்ளி வேண்டாமா? வேண்டும். அது இடக்கோடியில், அந்த மாணவி ஒட்டிய மூன்றாவது தாளின் விளிம்புக்குப் பக்கத்தில், ஏற்கெனவே இருந்தது.